இருட்டறையிலும் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால்: மலைவீட்டுத் திரையறைக்கான பிழை நீக்கும் வழிமுறை

சுவருக்கு அடர் நிறம் பூசியாயிற்று, ஒலி உறிஞ்சும் பலகைகள் மாட்டியாயிற்று, கூரைக்குள் புதைந்த விளக்குகளும் எட்டடி அகலத் திரையும் வந்துவிட்டன; ஆனாலும் படம் வெளுத்துத் தெரிகிறது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வீடுகளில் திரையறை அமைத்தவர்களிடமிருந்து நான் அதிகம் கேட்கும் குறை இதுதான். அப்போது பெரும்பாலோர் முதலில் சந்தேகப்படுவது புரொஜெக்டரைத்தான். அதைக் கொடுத்துவிட்டு இன்னும் விலை கூடியதை வாங்கி மாட்டிய பிறகும் அதே வெளுப்பு தொடர்ந்தால்தான், அறையை நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

அதனால் இந்த வழிமுறையைக் கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகளின்படி எழுதியிருக்கிறேன். உங்கள் அறையில் எது தெரிகிறதோ அந்தப் பகுதியிலிருந்து தொடங்கலாம். பெரும்பாலும் புரொஜெக்டரும் வெள்ளைத் திரையும் உள்ள அறையை மனத்தில் வைத்தே பேசுகிறேன். பெரிய டிவி வைத்திருப்பவர்களுக்கு மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

அறிகுறி: விளக்குகளை எல்லாம் அணைத்த பிறகும் கறுப்பு, சாம்பல் நிறமாகத் தெரிகிறது

வெள்ளைத் திரையில் கறுப்பு என்பது ஒளி இல்லாமையே அன்றி வேறில்லை. திரையில் கறுப்பாக இருக்க வேண்டிய இடம் சாம்பலாகத் தெரிந்தால், அங்கே எங்கிருந்தோ ஒளி வந்து விழுகிறது என்று பொருள். அந்த ஒளி மூன்று வழிகளில் மட்டுமே வர முடியும்: வெளியிலிருந்து கசிந்து வரலாம், புரொஜெக்டரே கறுப்புக் காட்சியில் ஒளியை விடலாம், அல்லது திரையின் வெள்ளைப் பகுதிகளிலிருந்து கிளம்பிய ஒளி கூரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பி வரலாம். மூன்றுக்கும் தீர்வு வெவ்வேறு என்பதால், எது என்று பிரித்தறியாமல் எதையும் வாங்கவோ பூசவோ வேண்டாம். பிரித்தறிய அரை மணி நேரம் போதும்.

முதலில், புரொஜெக்டரை அணைத்துவிட்டு இருட்டில் அமருங்கள். படம் ஓடும் நிலையில் லென்ஸை மூடியாலோ துணி, அட்டை போன்றவற்றாலோ மறைக்கக் கூடாது, வெப்பத்தில் அவை உருகலாம், கருகலாம். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடமாவது ஆகும். அதுவரை கைபேசியைப் பார்க்காமல் இருங்கள். அதன் பிறகும் திரையின் விளிம்பு உங்களுக்குத் தெரிந்தால், ஒளி வெளியிலிருந்து கசிகிறது. இந்தச் சோதனையை மலையில் பகலிலும் இரவிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். சமவெளியில் வடக்குப் பார்த்த சன்னலைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை; இங்கே மஞ்சு இறங்கிய நாளில் வெளியே முழுவதும் ஒரே வெண்மையாகி, எல்லாத் திசைச் சன்னல்களும் ஒளி தருகின்றன. திரைச்சீலை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அதன் மேல்விளிம்புக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளி வழியே ஒளி கூரைக்கு ஏறி, அங்கிருந்து திரைக்கு வரும். சீலைக்கு மேலே ஒரு மரப்பெட்டி மூடி அமைத்து, பக்கவாட்டில் சீலை சுவரை ஒட்டித் திரும்பும்படி கம்பியை வளைத்துவிட்டால் இது தீர்ந்துவிடும். ரவுட்டர், நிலைப்படுத்தி, ஒலிபெருக்கிகளின் சிறு விளக்குகளையும் அப்போதே பார்த்து ஒட்டுத்தாளால் மறைத்துவிடுங்கள்.

இரண்டாவதாக, புரொஜெக்டரை இயக்கி முழுக் கறுப்பான ஒரு படத்தைக் காட்டுங்கள். அணைத்திருந்தபோது நல்ல இருட்டாக இருந்த திரை இப்போது சற்று வெளுப்பது இயல்பு; எந்தப் புரொஜெக்டரும் ஒளியை முழுமையாக அடைப்பதில்லை, விலை குறைந்தவற்றில் இந்த வெளுப்பு கூடுதலாகவே இருக்கும். ஆனால் அறையின் பொருட்களெல்லாம் தெளிவாகத் தெரியும் அளவுக்கு வெளுத்தால், படத்தை அனுப்பும் கருவியும் புரொஜெக்டரும் கறுப்பின் அளவில் ஒத்துப்போகவில்லையா என்று பாருங்கள். இரண்டு கருவிகளின் அமைப்புப் பட்டியலிலும் Limited, Full என்ற தேர்வு இருக்கும். சிலவற்றில் 16–235, 0–255 என்று எழுதியிருக்கும். அனுப்பும் கருவி Limited ஆகவும் பெறும் கருவி Full ஆகவும் இருந்தால் கறுப்பு சாம்பலாகிவிடும், வெள்ளையும் மங்கும். இதற்கு நேர்மாறாக இருந்தால் கறுத்த கோட்டின் மடிப்புகளும் இரவுக் காட்சியின் மரங்களும் ஒரே கறுப்பில் மூழ்கிப்போகும். எந்தத் தேர்வு என்பதைவிட, இரு பக்கமும் ஒன்றாக இருப்பதே முக்கியம். படம் பார்க்கும் பெட்டிகளுக்கு Limited வழக்கம். கணினியை இணைத்தால் பெரும்பாலும் Full ஆக வரும்.

மூன்றாவது சோதனைதான் அறையைப் பற்றியது. நான்கு வரிசை, நான்கு நிரை என்று பதினாறு கட்டங்களாகப் பிரித்து, சதுரங்கப் பலகைபோல் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் ஒரு படத்தைக் காட்டுங்கள். முழுக் கறுப்பில் திருப்தியாக இருந்த திரை, இந்தப் படத்தில் கறுப்புக் கட்டங்களை வெளுப்பாகக் காட்டினால், பழி பெரும்பாலும் அறையின் மேல்தான். வெள்ளைக் கட்டங்களிலிருந்து கிளம்பிய ஒளியே சுற்றிவந்து கறுப்புக் கட்டங்களை நனைக்கிறது. உறுதிப்படுத்த எளிய வழி உண்டு: இரண்டு பேர் ஒரு கறுப்புப் போர்வையைத் திரைக்கு முன்னால், கூரையை ஒட்டி விரித்துப் பிடியுங்கள். கட்டங்கள் கண்ணெதிரே இருள்வதைப் பார்க்கலாம். பிடிப்பவர்கள் வெள்ளைச் சட்டை அணிந்திருக்கக் கூடாது. அதுவே ஒரு சிறு விளக்காகிவிடும்.

*கோத்தகிரி வீடு ஒன்றில் இதை எப்படிச் சரிசெய்தோம்*

கற்சுவர் கொண்ட பழைய வீடு. அறை 18 அடி நீளம், 12 அடி அகலம், 9 அடி உயரம். திரை மூலைக்கு மூலை 110 அங்குலம், அதாவது ஏறத்தாழ எட்டடி அகலம், நாலரை அடி உயரம். சுவர்களுக்கு அடர் சாம்பல் நிற எமல்ஷன் பூசியிருந்தார்கள். கூரை, மலைவீடுகளில் வழக்கமாக இருப்பதுபோல், சில்வர் ஓக் பலகை வேய்ந்து வெள்ளை எனாமல் அடித்தது. "சுவருக்கு இதைவிடக் கறுப்பாக வேறு நிறம் கிடையாது என்று கடைக்காரரே சொல்லிவிட்டார், அப்படியும் படம் வெளுக்கிறதே" என்று வீட்டுக்காரர் வருத்தப்பட்டார்.

புரொஜெக்டரை அணைத்துச் செய்த சோதனையில் அறை நல்ல இருட்டு. முழுக் கறுப்புப் படத்திலும் குறையில்லை. சதுரங்கப் படத்தில்தான் கோளாறு வெளிப்பட்டது. விழும் ஒளியை அளக்கும் லக்ஸ் மீட்டரின் உணரியைத் திரையின் மேல் படுக்கவைத்து, புரொஜெக்டரைப் பார்க்கும்படி பிடித்து அளந்தபோது வெள்ளைக் கட்டத்தில் 450 லக்ஸும் கறுப்புக் கட்டத்தில் 9 லக்ஸும் வந்தன. வெள்ளை கறுப்பைவிட ஐம்பது மடங்குதான் பிரகாசம். இந்த விகிதத்தைத்தான் நாம் உயர்த்த வேண்டும். வெள்ளையைக் கூட்டுவதால் பயனில்லை, ஏனென்றால் ஒளி கூடிய புரொஜெக்டரை மாட்டினால் வெள்ளையும் கறுப்பும் சேர்ந்தே ஏறும், விகிதம் அப்படியே நிற்கும். கறுப்புக் கட்டத்துக்குத் திரும்பி வரும் ஒளியைக் குறைப்பது ஒன்றே வழி.

எங்கிருந்து திரும்பி வருகிறது என்று பார்க்க, திரையின் நடுவில் முதுகை வைத்து நின்று அறையை நோக்க வேண்டும். அந்த இடத்திலிருந்து எது பிரகாசமாகத் தெரிகிறதோ அதுதான் திரையை வெளுக்கச் செய்கிறது. அங்கே நின்று பார்த்தபோது வெள்ளைக் கூரை, திரையை ஒட்டிய முதல் ஐந்தடியில் பளீரென்று எரிந்துகொண்டிருந்தது. வெள்ளை எனாமல் தன்மேல் விழும் ஒளியில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். வீட்டுக்காரர் நம்பியிருந்த அடர்நிறச் சுவரிலோ, திரையின் இரு ஓரங்களிலும் சுவரை ஒட்டி நீளமான ஒளிக்கீற்று ஒன்று ஓடியது. அந்த எமல்ஷன் அடர்நிறமே தவிர, மென்பளபளப்பு உள்ள வகை. சுவரைச் சாய்வாகத் தொட்டுச் செல்லும் ஒளிக்கு எந்தப் பரப்பும் நேராக வரும் ஒளியைவிடக் கூடுதலாகப் பளபளக்கும். கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்து அடித்துப் பார்த்தால் இதை யாரும் தங்கள் வீட்டிலேயே காணலாம். ஆகவே பெயிண்ட் வாங்கும்போது நிறத்தைப் பற்றிக் கேட்பதோடு நிற்காமல், பளபளப்பே இல்லாத மேட் வகைதானா என்று கேட்டு, ஒரு பலகையில் பூசி உலரவைத்து, கைவிளக்கைச் சாய்த்துப் பார்த்த பிறகே முடிவுசெய்ய வேண்டும்.

முழு அறையையும் திரும்பப் பூச வேண்டிய தேவை ஏற்படவில்லை. திரையிலிருந்து தொலைவு கூடக்கூட ஒரு பரப்பு திருப்பி அனுப்பும் ஒளி வேகமாகக் குறைந்துவிடும் என்பதால், முதல் ஐந்தடியைச் சரிசெய்தாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும். கூரையில் அந்த ஐந்தடிக்கு மெல்லிய பிளைவுட் பலகைகளில் கறுப்பு வெல்வெட் துணியை இழுத்துத் தைத்து, பலகைகளைத் திருகாணியில் மாட்டினோம். நேரடியாகக் கூரையில் ஒட்டாததற்குக் காரணம் உண்டு: மலைப்பகுதிக் கூரைப் பலகை மழைக்காலத்தில் உப்பி வெயில் காலத்தில் சுருங்கும், ஒட்டிய துணி அதோடு சேர்ந்து சுருக்கம் விழும்; ஓடு ஒழுகினால் கழற்றிப் பார்க்கவும் வழி இருக்காது. வெல்வெட்டின் மயிர்ப்பரப்பைத் தடவிப் பார்த்து, எல்லாப் பலகையிலும் ஒரே திசையில் வரும்படி வைக்க வேண்டும். திசை மாறினால் ஒரு பலகை கறுப்பாகவும் அடுத்தது சாம்பலாகவும் தெரியும். பக்கச் சுவர்களில் அதே ஐந்தடிக்கு மட்டும் அடர்நிற மேட் பெயிண்ட் பூசி, அதன்மேல் ஒலிப் பலகைகளை மாட்டினோம். கூரையின் மீதிப் பகுதி இன்றும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. வீட்டுக்காரர் அறையைப் பகலில் வாசிக்கவும் பயன்படுத்துவதால் அதை விட்டுவிட்டோம்.

மறுபடி அளந்தபோது கறுப்புக் கட்டத்தில் 3 லக்ஸ் வந்தது. விகிதம் ஐம்பதிலிருந்து நூற்றைம்பதாக உயர்ந்தது, புரொஜெக்டர் அதேதான். அதற்கு மேலும் குறைக்க வேண்டுமானால் மீதிக் கூரையையும், திரைக்கு முன்னுள்ள தரையையும் கவனிக்க வேண்டும். தரையில் வெளிர் நிறக் கம்பளம் இருந்தால், திரைக்கு முன் நாலடிக்கு மட்டும் கறுப்பு விரிப்பைப் போட்டுப் பார்ப்பதே மலிவான அடுத்த படி.

அறிகுறி: விளக்கைப் போட்டதும் திரையில் ஒளித்திட்டு அல்லது வெளுப்பு தெரிகிறது

இருக்கையில் அமர்ந்தபடி தலையை ஒரு முழம் பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். தலையோடு சேர்ந்து திட்டும் நகர்ந்தால், அது கண்ணாடியில் தெரிவதுபோன்ற பிரதிபலிப்பு. டிவியின் பரப்பிலும், ஒளியைக் கூட்டிக் காட்டும் சிலவகைத் திரைகளிலும் வரும். நகராமல் அதே இடத்தில் நின்றால், விளக்கின் ஒளி நேராகத் திரையில் விழுகிறது. சாதாரண மேட் வெள்ளைத் திரையில் இந்த இரண்டாவது வகைதான் வரும்.

நகரும் திட்டுக்குக் கைக்கண்ணாடி ஒன்று போதும். நீங்கள் வழக்கமான இருக்கையில் அமருங்கள். மற்றொருவர், திட்டுத் தெரியும் இடத்தில் கண்ணாடியை டிவியின் பரப்போடு சமமாக, அழுத்தாமல் பிடிக்கட்டும். ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் திரும்பும் என்பதால், கண்ணாடியில் உங்களுக்கு எது தெரிகிறதோ அதுவே குற்றவாளி. விளக்காகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பின்சுவரில் மாட்டிய சட்டமிட்ட படத்தின் கண்ணாடி, வார்னிஷ் அடித்த கதவு, சாய்வு நாற்காலியின் தோல் முதுகு ஆகியவையும் தெரியக்கூடும். டிவியைச் சுவரில் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்தால் கூரை விளக்கு பார்வையிலிருந்து விலகும், ஆனால் சாய்த்த பிறகு தரை உள்ளே வரும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

நகராத வெளுப்புக்கு விளக்கின் இடமும் அதன் ஒளிக்கற்றையின் அகலமும் காரணம். கணக்கைப் பாருங்கள். 9 அடிக் கூரையில், திரைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு டவுன்லைட் இருக்கிறது. அதன் கற்றைக் கோணம் 60 பாகை என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. கற்றையின் ஓரம் நேர்கோட்டிலிருந்து 30 பாகை விலகும், ஆகவே இரண்டடி விலகுவதற்கு மூன்றரை அடி கீழே இறங்கினால் போதும். அதாவது தரையிலிருந்து ஐந்தரை அடி உயரத்தில் கற்றை சுவரைத் தொட்டுவிடும். திரையின் மேல்விளிம்பு ஏழடியிலும் கீழ்விளிம்பு இரண்டரை அடியிலும் இருந்தால், திரையின் கீழ் மூன்றடி முழுவதும் விளக்கொளியில் குளிக்கும். அதே இடத்தில் 24 பாகை விளக்கை மாட்டினால் கற்றையின் ஓரம் தரையை அடையும்போதுதான் இரண்டடி விலகும், திரையில் படாது. அல்லது 60 பாகை விளக்கையே சுவரிலிருந்து ஐந்தடிக்குத் தள்ளினால் கற்றை ஏறத்தாழ தரையருகில்தான் சுவரைத் தொடும்.

ஆயினும் பெட்டியில் எழுதும் கோணம், ஒளியின் செறிவு பாதியாகக் குறையும் ஓரத்தைக் குறிப்பது. அதற்கு வெளியேயும் ஓரளவு ஒளி சிதறும். ஆகவே எல்.இ.டி. பகுதி கூரை மட்டத்திலேயே தெரியும் தட்டை விளக்குகளைத் தவிர்த்து, ஒளிமூலம் இரண்டு மூன்று அங்குலம் உள்ளே பதிந்து, உட்புறம் கறுப்புப் பள்ளமாக இருக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். முன்வரிசை விளக்குகளுக்குத் தனிச் சுவிட்ச் வைப்பது என் கருத்தில் கட்டாயம். படம் ஓடும்போது பின்வரிசையை மட்டும் டிம்மரில் தாழ்த்தி வைத்துக்கொள்ளலாம். டிம்மரில் தாழ்த்தும்போது விளக்கு துடித்தால், எல்.இ.டி.க்கு மின்சாரம் தரும் ஓட்டி டிம்மருக்கு ஏற்ற வகை இல்லை. விளக்கை மாற்றாமல் ஓட்டியை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் போதும்.

அறிகுறி: முதல் இருபது நிமிடம் படம் புகைமூட்டமாகத் தெரிந்து, பிறகு தெளிகிறது

இது சமவெளி வீடுகளில் அரிதாகவும் இங்கே வழக்கமாகவும் காணப்படுவது. குளிர்ந்து கிடந்த லென்ஸின் மேல், திடீரென்று சூடாக்கப்பட்ட அறையின் ஈரக்காற்று பட்டு, மெல்லிய நீர்ப்படலம் படிகிறது. கண்ணாடித் தம்ளரில் குளிர்ந்த நீர் ஊற்றியதும் வெளியே வியர்ப்பதுபோலத்தான். வெள்ளை எழுத்துகளைச் சுற்றி வட்டமான ஒளிவளையம் தெரிந்தால் படலம் லென்ஸில் இருக்கிறது என்று அறியலாம். துடைக்க வேண்டாம், ஈரத்தோடு சேர்த்துத் தூசியைத் தேய்த்தால் பூச்சில் கீறல் விழும். புரொஜெக்டரை இயக்காமல், அறையை மெதுவாகச் சூடாக்கி, ஒரு மணி நேரம் விட்ட பிறகு இயக்குங்கள். உள்ளே மின்பலகைகளிலும் அதே நீர்ப்படலம் படிந்திருக்கக்கூடும் என்பதால் இந்தப் பொறுமை கருவிக்கும் நல்லது.

அறையைச் சூடாக்க எரிவாயு அடுப்பு வகை ஹீட்டரைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். ஒரு கிலோ சமையல் எரிவாயு எரியும்போது ஏறத்தாழ ஒன்றரை கிலோ நீர் ஆவியாக வெளிப்படுகிறது. புகைபோக்கி இல்லாத ஹீட்டரில் அது முழுவதும் அறைக்குள்ளேயே தங்குகிறது. அதைவிட முக்கியமாக, ஒலி வெளியேறாதபடி இடுக்கெல்லாம் அடைத்த திரையறையில் அவ்வாறு எரிப்பது கார்பன் மோனாக்சைடு நச்சால் உயிருக்கே ஆபத்து. மின்சார எண்ணெய் ஹீட்டர்தான் இந்த அறைக்கு ஏற்றது.

படலம் சூடான பிறகும் போகாமல், மாதக்கணக்கில் புகைமூட்டம் கூடிக்கொண்டே வந்தால், லென்ஸுக்குள் பூசணம் பிடித்திருக்கலாம். புரொஜெக்டரை அணைத்து, குளிர்ந்த பிறகு, கைவிளக்கைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் சிலந்தி நூல்போலக் கிளைத்த இழைகள் தெரியும். உள்ளே இருப்பதை வீட்டில் எடுக்க முடியாது. பழுதுபார்ப்பவரிடம்தான் செல்ல வேண்டும். மீண்டும் வராமலிருக்க அறையின் ஈரப்பதத்தை 60 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். ஈரப்பதமானி ஒன்றை வாங்கிப் புரொஜெக்டரின் உயரத்திலேயே வையுங்கள். ஈரம் வாங்கும் இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் மலைக்குத் தனிக் கணக்கு உண்டு: பரவலாகக் கிடைக்கும் கம்ப்ரஸர் வகை, அறை 15 பாகைக்குக் கீழே போனால் தன் குழாய்களிலேயே உறைபனி படிந்து மிகக் குறைந்த நீரையே பிடிக்கும், சூடாக்கப்படாத ஊட்டி அறைக்கு ஈரம் உறிஞ்சும் மருந்துச் சக்கரம் உள்ள வகையே வேலை செய்யும். ஊட்டிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை மாதங்களிலும், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் இந்த இயந்திரத்துக்கு ஓய்வு இருக்காது.

அறிகுறி: குளிர்ந்த இரவிலும் புரொஜெக்டர் சூடேறித் தானாக அணைகிறது

காற்றின் குளிர் மட்டும் கருவியைக் குளிர்விப்பதில்லை, காற்றின் அடர்த்தியும் வேண்டும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கைவிடச் சற்றே கூடுதல். அதே வேகத்தில் சுழலும் மின்விசிறி குறைந்த காற்றையே தள்ளுகிறது. அமைப்புப் பட்டியலில் High Altitude Mode என்ற தேர்வைத் தேடி On செய்யுங்கள். பல கருவிகளின் கையேடு 1,500 மீட்டருக்கு மேல் இதைக் கட்டாயம் என்கிறது, குன்னூரும் கோத்தகிரியும் அதற்கு மேலேதான் உள்ளன. விசிறிச் சத்தம் கூடும். அதைக் குறைக்கப் புரொஜெக்டரைப் பெட்டிக்குள் அடைக்காதீர்கள். இருக்கைக்கு நேர் மேலே இல்லாமல் பின்சுவரை நோக்கித் தள்ளி மாட்டுங்கள்.

அறிகுறி: பேச்சு தெளிவில்லை, கைதட்டினால் கிணுகிணுவென்று எதிரொலிக்கிறது

பலகைகள் தவறான இடத்தில் இருக்கின்றன. முன்பு பயன்படுத்திய கைக்கண்ணாடியை மற்றொருவர் பக்கச் சுவரில் காது உயரத்தில் நகர்த்திக்கொண்டே போகட்டும். இருக்கையிலிருந்து உங்களுக்குக் கண்ணாடியில் ஒலிபெருக்கி எங்கே தெரிகிறதோ அங்கேதான் பலகை வர வேண்டும். பலகையின் மேல்துணி பளபளக்கும் பாலியெஸ்டராக இருந்தால் முதல் பகுதியில் சொன்ன வெளுப்பை அது திரும்பக் கொண்டுவந்துவிடும். துணியை வாய்க்கருகே வைத்து ஊதினால் காற்று எளிதாக ஊடுருவ வேண்டும், கைவிளக்கைச் சாய்த்தால் மினுங்கக் கூடாது. இந்த இரண்டிலும் தேறியதை வாங்குங்கள்.

அறிகுறி: ஒலிப் பலகையில் புள்ளிகள், அறையில் ஈர வாடை

பலகையைக் கழற்றி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கத் துணியில் மிளகளவு புள்ளிகள் நாலைந்து தெரியும்போதே, பின்பக்கத்தில் சட்டத்தின் மரம் முழுவதும் கறுத்து, துணி மடிந்த ஓரங்களில் சாம்பல் பஞ்சுபோல் பூசணம் படர்ந்திருப்பதைக் காணலாம். சுவரில் பலகை இருந்த இடம் மட்டும் செவ்வக வடிவில் நனைந்திருக்கும். அந்தச் சுவர் பெரும்பாலும் வெளிப்புறச் சுவராகவே இருக்கும். ராக்வூல் என்ற கல்லிழைப் பஞ்சு நிரப்பிய பலகை, போர்வைபோல் அறையின் வெப்பத்தைச் சுவருக்குப் போகவிடாமல் தடுக்கிறது. பலகைக்குப் பின்னுள்ள கல் மேலும் குளிர்கிறது. துணி வழியே ஊடுருவும் அறைக்காற்று அந்தக் கல்லில் பட்டு நீராகிறது. ராக்வூலைப் பூசணம் தின்னாது. அதற்கு இரையாவது மரச்சட்டமும் துணியும் படிந்த தூசியுமே.

ஒழுகலா, காற்றின் ஈரமா என்பதையும் பிரித்தறிய வேண்டும். நனைந்த இடத்தைத் துடைத்து உலரவைத்து, ஓர் அடி சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். அறையைப் பார்க்கும் பக்கத்தில் நீர்த்துளி படிந்தால் அறைக்காற்றின் ஈரம். தாளுக்கும் சுவருக்கும் இடையில் படிந்தால் சுவர் வழியே மழைநீர் வருகிறது, அதை வெளிப்புறப் பூச்சில் சரிசெய்யாமல் உள்ளே எதைச் செய்தும் பயனில்லை.

அறைக்காற்றின் ஈரமானால், பூசணம் பிடித்த துணியையும் சட்டத்தையும் வெளியே எடுத்துச் சென்று, முகக்கவசம் அணிந்து அகற்றிவிடுங்கள். வெயிலில் காயவைத்துத் திரும்ப மாட்டினால் அடுத்த மழையில் அதே இடத்தில் மீண்டும் வரும். புதிய சட்டத்தைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் விலகும்படி செங்குத்துக் கட்டைகளின் மேல் மாட்டி, மேலும் கீழும் காற்று ஓடத் திறந்து விடுங்கள். கட்டைகளைக் கிடையாக வைத்தால் காற்றோட்டம் அடைபட்டுவிடும், தச்சரிடம் இதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். இந்த இடைவெளியால் பலகை தாழ்ந்த ஒலிகளையும் முன்பைவிட நன்றாக உறிஞ்சும். இடைவெளி வழியே வெளிர்ச் சுவர் தெரிந்தால் திரையின் ஒளி அங்கே பட்டு ஓரங்கள் ஒளிரும், ஆகையால் மாட்டும் முன் பலகைக்குப் பின்னுள்ள சுவருக்கும் கட்டைகளுக்கும் அதே மேட் பெயிண்ட்டை ஒரு கை பூசி, நன்றாக உலரவிட்டு மாட்டுங்கள். மழைக்காலத்தில் அந்தப் பூச்சு உலர ஒரு வாரம்கூட ஆகலாம்.